ஆங்கில நாடகத்தைத் தமிழாக்கும்போது முதலில் மாற்ற வேண்டியது பெயரை அல்ல, உறவுமுறையை: தழுவலுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் போட முடிவு செய்தது. ஒரே மாதத்தில் எழுதி முடித்துவிட்டேன். எல்லாருக்கும் தமிழ்ப் பெயர், லண்டனுக்குப் பதில் சென்னை, தேநீருக்குப் பதில் காபி. முதல் வாசிப்பில் நன்றாகச் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. குழுவில் பெரியம்மா வேடம் போடவிருந்த அம்மாள் கையிலிருந்த தாளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவனும் அவளும் அக்கா தங்கச்சி பிள்ளைங்கதானே? அப்புறம் எப்படிக் கட்டிக்கிறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று அங்கங்களையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டும் அதே நாடகம்தான்: ஆஸ்கார் வைல்ட் எழுதி 1895-இல் லண்டனில் அரங்கேறிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் என்பவன் கிராமத்தில் சிசிலி என்ற பெண்ணுக்குக் கார்டியனாக இருக்கிறான். நகரத்துக்கு வரும்போது மட்டும் 'எர்னஸ்ட்' என்று பெயர் சொல்லிக்கொள்கிறான். கிராமத்தில் கேட்டால் எர்னஸ்ட் என் உருப்படாத தம்பி என்பான். நண்பன் ஆல்ஜர்னானின் பெரியம்மா மகள் குவெண்டலினைக் காதலிக்கிறான். அவளோ எர்னஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் கட்டுவேன் என்று இருக்கிறாள். அவளுடைய அம்மா லேடி பிராக்னல் ஜாக்கைக் கூப்பிட்டு விசாரிக்கிறாள். அவன் கைக்குழந்தையாக ஒரு ரயில் நிலையத்தில், ஒரு பைக்குள் கண்டெடுக்கப்பட்டவன் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறாள். இதற்கிடையில் ஆல்ஜர்னான் அந்த 'உருப்படாத தம்பி'யாக வேடம் போட்டுக் கிராமத்துக்குப் போய், சிசிலியைக் காதலிக்கிறான், அவளும் எர்னஸ்ட் என்ற பெயரையே விரும்புகிறாள். கடைசியில், குழந்தையைப் பையில் தொலைத்த தாதி, இப்போது சிசிலியின் ஆசிரியையாக இருக்கும் மிஸ் பிரிஸம் அகப்படுகிறாள். ஜாக் உண்மையில் ஆல்ஜர்னானின் அண்ணன் என்றும், அவன் பெயரே எர்னஸ்ட்தான் என்றும் தெரிகிறது.

உரிமையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் இருக்கும். அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அந்த 60-ஐ எண்ண வேண்டும். வைல்ட் 1900-இல் இறந்தவர், அதனால் தடை ஏதும் இல்லை. 1950-இல் இறந்த பெர்னார்ட் ஷாவும் அப்படியே. அண்மைக் காலத்து ஆசிரியர் என்றால் பெயரும் ஊரும் மாற்றிவிட்டதால் அது உங்கள் கதையாகிவிடாது. தழுவும் உரிமை சட்டப்படி மூல ஆசிரியருக்கு உரியது. எழுதத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இன்னொருவர் ஏற்கெனவே செய்த தமிழ்த் தழுவலைப் பார்த்து எழுதினால் அதற்கும் தனி உரிமை உண்டு. அதனால் எப்போதும் ஆங்கில மூலத்திலிருந்தே வேலை செய்யுங்கள்.

பெயர் இல்லாமல் கதையை எழுதுங்கள்

நாடகத்தை இரண்டு முறை படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் கதையை எழுதுங்கள். அதில் ஆட்களின் பெயரோ ஊர்ப் பெயரோ உணவோ வரக் கூடாது. யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், யாருக்கு எது தெரியாது என்ற மூன்றும் போதும். "ஒருவன் இரண்டு பெயரில் வாழ்கிறான். ஒரு பெண் பெயரைக் காதலிக்கிறாள். அவளுடைய அம்மா அவன் குடும்பம் எதுவென்று கேட்கிறாள், அவனுக்கே தெரியாது." இப்படி ஒரு பக்கம்.

இந்தப் பக்கத்தில் உள்ளதை மாற்றக் கூடாது. இதில் இல்லாததை எல்லாம் மாற்றலாம். வேலை நடுவில் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தத் தாளுக்குத் திரும்புவீர்கள், அதனால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுகளை இரண்டு மரமாக வரையுங்கள்

இதுதான் முதுகெலும்பு. ஆங்கிலத்தில் 'ஆன்ட்', 'அங்கிள்', 'கசின்' என்ற மூன்று சொல்லுக்குள் ஊரே அடங்கிவிடும். தமிழில் அப்படி மூடி மறைக்க முடியாது. வாயைத் திறந்து ஒருவரைக் கூப்பிட்டாலே அவர் அப்பா வழியா, அம்மா வழியா, கட்டிக்கொள்ளும் முறையா, கூடாத முறையா என்பது தெரிந்துவிடும். மூல ஆசிரியர் யோசிக்கவே தேவையில்லாத ஒன்றை நீங்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முடிவு செய்தாக வேண்டும்.

முதல் மரத்தை மூலத்தில் உள்ளபடியே வரையுங்கள். லேடி பிராக்னலும் ஜாக்கின் அம்மாவும் உடன்பிறந்த சகோதரிகள். அப்படியானால் ஜாக்கும் குவெண்டலினும் அக்கா தங்கை பிள்ளைகள். ஆங்கிலப் பார்வையாளர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நம் பெரும்பாலான குடும்பங்களில் அவர்கள் அண்ணன் தங்கை. எந்தக் கண்டுபிடிப்பு ஆங்கிலத்தில் காதலர்களைச் சேர்த்து வைக்கிறதோ, அதுவே தமிழில் அவர்களைப் பிரித்துவிடுகிறது. அந்த அம்மாள் கேட்டது இதைத்தான்.

இரண்டாவது மரத்தில் ஒரே ஒரு கோட்டை மாற்றினேன். லேடி பிராக்னலை ஜாக்கின் அப்பாவுடைய தங்கையாக்கினேன். பெரியம்மா அத்தையானாள், அவள் மகள் அத்தை மகளானாள். இப்போது கடைசிக் காட்சியில் ஜாக்குக்குக் குடும்பம் கிடைக்கிறது என்பதோடு நிற்கவில்லை, அவனே முறைமாப்பிள்ளை ஆகிவிடுகிறான். முதல் அங்கத்தில் "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று விரட்டிய அதே அத்தை, கடைசி அங்கத்தில் அவனுடைய உரிமையை மறுக்க முடியாமல் நிற்கிறாள். மூலத்தைவிடவே இந்த முடிவுக்குத் தமிழில் பிடிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கோட்டை மாற்றினால் மரம் முழுக்க அசையும். ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆல்ஜர்னானும் இப்போது குவெண்டலினுக்கு முறைமாப்பிள்ளை. "அவனே கட்டிக்கலாமே, வெளியாள் எதுக்கு?" என்று பார்வையாளர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே கேட்பார்கள். அதைப் பேசாமல் விடாதீர்கள், காட்சிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மூலத்தில் ஆல்ஜர்னான், ஜாக்கின் சிகரெட் பெட்டியில் இருக்கும் பெண் பெயர் யாருடையது என்று சொன்னால்தான் சம்மதிப்பேன் என்கிறான். தமிழில் அவனுக்கு நிஜமாகவே ஒரு பிடி கிடைத்துவிட்டது: "முறைப்படி நான் கட்ட வேண்டிய பொண்ணுடா. விட்டுத் தரணும்னா முதல்ல இந்தப் பேர் யாருதுன்னு சொல்லு." மிரட்டல் வேடிக்கையாகவும் இருக்கிறது, கேள்விக்கும் பதிலாகிவிட்டது.

அடுத்த கிளை சிசிலி. அவள் ஜாக்கை 'அங்கிள் ஜாக்' என்கிறாள். அவளுடைய தாத்தா எடுத்து வளர்த்த பிள்ளை ஜாக். நான் முதல் பிரதியில் யோசிக்காமல் 'சித்தப்பா' என்று எழுதியிருந்தேன். பெரிய தப்பு. ஜாக் சித்தப்பா என்றால், தம்பி வேடத்தில் வரும் ஆல்ஜர்னானும் அவளுக்குச் சித்தப்பா. சித்தப்பாவை ஒரு பெண் காதலிக்கும் காட்சியில் நம் அரங்கில் யாரும் சிரிக்கமாட்டார்கள், நாற்காலியில் நெளிவார்கள். அதனால் சிசிலியின் அம்மாவைத் தாத்தாவின் மகளாக்கினேன். ஜாக் 'மாமா' ஆனான். மாமாவின் தம்பியும் மாமாதான், கட்டிக்கொள்ளும் முறை.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று வந்தது. அந்தச் சிகரெட் பெட்டியில் 'என் அன்பு மாமாவுக்கு' என்று பொறித்திருந்தால் அது மருமகள் எழுதியதா, காதலி எழுதியதா என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஆல்ஜர்னானின் சந்தேகத்துக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, தமிழில் ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பின்னால் குவெண்டலின் கிராமத்துக்கு வந்து இந்த அழகான பெண் 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பதறுவதிலும் நியாயம் இருக்கிறது. ஜாக்குக்கே அவள் முறைப்பெண்ணாகிவிடுகிறாளே என்ற கேள்வியை "நான் தூக்கி வளர்த்த குழந்தை" என்று அவன் சொல்லும் ஒரு வரி தீர்த்துவிடும். அந்த வரியை முதல் அங்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்னக் கிளை. ஆல்ஜர்னான் வேண்டாத விருந்துகளிலிருந்து தப்பிக்க, பன்பரி என்ற இல்லாத நோயாளியைச் சாக்காகச் சொல்வான். தமிழில் உடனே கைக்கு வருவது 'ஊரில் படுத்த படுக்கையாக ஒரு பெரியப்பா'. அத்தை அப்பாவுடன் பிறந்தவள், அவளுக்குத் தெரியாத பெரியப்பா இருக்க முடியாது. அதனால் கும்பகோணத்தில் ஒரு நண்பன் என்று வைத்துக்கொண்டேன்.

மரத்தை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். எந்த இரண்டு பாத்திரங்களை எடுத்தாலும் ஒருவர் மற்றவரை எப்படிக் கூப்பிடுவார் என்று உடனே சொல்ல வர வேண்டும். தயங்கினீர்கள் என்றால் அந்தக் கோடு இன்னும் தீரவில்லை.

ஊரும் வருடமும்

கதைக்கு என்ன தெரியக் கூடாது என்பதைப் பார்த்து வருடத்தை எடுங்கள். இதில் ஒருவன் இரண்டு ஊரில் இரண்டு பெயரில் இருக்க வேண்டும். கைப்பேசி இருந்தால் முதல் அங்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் 1975-ஐ எடுத்தேன். மூலத்தில் குழந்தை தொலைந்தது 28 வருடத்துக்கு முன். எனவே 1947. அந்த வருடச் சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது, 1953-இல்தான் நின்றது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டும் எனக்குத் தேவைப்பட்டன.

விக்டோரியா ஸ்டேஷன் எழும்பூரானது. அங்கே ஜாக், பிரைட்டன் லைன் என்று கூடுதலாக ஒரு விவரம் சொல்வான், லேடி பிராக்னல் அதைத் தட்டிவிடுவாள். இங்கே "செங்கோட்டை லைனுங்க" என்கிறான். "எந்த லைனா இருந்தா எனக்கென்ன!" என்கிறாள் அத்தை. கடைசியில் மிஸ் பிரிஸம் தன் பைதான் என்று அடையாளம் சொல்லும் இடத்தில், மூலத்தில் ஆம்னிபஸ் விபத்தில் பட்ட அடியும் ஏதோ பானம் வெடித்த கறையும் வரும். தமிழில் டிராமில் இடித்து நசுங்கிய மூலையும், கோலி சோடா வெடித்ததில் பட்ட கறையும். 1947-இன் சென்னை இந்த இரண்டையும் தானாகவே கையில் கொடுத்தது. வருடம் சரியாக அமைந்தால் இப்படித்தான், பொருள்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

சடங்கை அதன் வேலையைப் பார்த்து மாற்றுங்கள்

ஒரு சடங்குக்கு நம்மிடம் அதே பெயரில் என்ன இருக்கிறது என்று தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சடங்கு கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே பாதிரியாரிடம் போய், அதே மாலையில், 'எர்னஸ்ட்' என்று ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ள நேரம் குறிக்கிறார்கள். நேராகப் பார்த்தால் இதற்கு நம்மிடம் பெயர் சூட்டு விழா இருக்கிறது. ஆனால் அது குழந்தைக்கு. அரசிதழில் பெயர் மாற்றலாம், அது ஒரே மாலையில் நடக்காது. பாத்திரங்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாக்கி ஞானஸ்நானத்தை அப்படியே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. நேர்மையான வழிதான், ஆனால் எனக்கு மேலே வரைந்த முறைமாப்பிள்ளை விளையாட்டும் கீழே வரப்போகும் ஜாதகமும் வேண்டியிருந்தன.

இந்தச் சடங்குக்கு நான்கு தேவைகள். வளர்ந்த ஆளுக்குச் செய்யலாம், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும், ஒருவர்தான் செய்ய முடியும், செய்தபின் அந்தப் பெயரை எல்லாரும் ஏற்க வேண்டும். இப்படி எழுதி வைத்ததும் பதில் தானே வந்தது: எண்கணித ஜோசியர். "எழுத்துக் கூட்டுத்தொகை சரியில்லை, பெயரை மாத்துங்க" என்று அவர் சொன்னால் பெரிய மனிதர்களும் மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக அவரிடம் போய், "எனக்கு இந்தப் பேர்தான் வரணும், கணக்கை அதுக்கேத்த மாதிரி போடுங்க" என்று கெஞ்சுகிறார்கள். அவர் திகைப்பதே ஒரு நல்ல காட்சி. மூலத்தில் மிஸ் பிரிஸம் மீது பாதிரியாருக்கு இருக்கும் மெல்லிய பிரியமும் அப்படியே ஜோசியரிடம் ஒட்டிக்கொண்டது.

லேடி பிராக்னலின் விசாரணையும் இதே முறையில்தான். மூலத்தில் அவள் வருமானம், வீடு, அரசியல், பெற்றோர் என்று கேட்டுக்கொண்டே போவாள். நம் அத்தை கேட்க வேண்டியது நட்சத்திரம், சொந்த ஊர், நிலம் எத்தனை ஏக்கர், ஜாதகம். அவனுக்கு ஜாதகமே இல்லை. பிறந்த நாளே தெரியாதே! ஆங்கில அரங்கில் அந்தப் பையைக் கேட்டு லேடி பிராக்னல் அதிரும் இடம் பேர்போனது. தமிழில் அந்த அதிர்ச்சி "ஜாதகம் இல்லையா?" என்பதில்தான் விழுகிறது. பை அதற்குப் பின்னால் வர வேண்டும். முதலில் பையை வைத்து ஒத்திகை பார்த்தோம், சிரிப்பு மெல்லத்தான் வந்தது. வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இந்தச் சீசன் முடிவதற்குள் பெற்றோரில் ஒருவரையாவது கண்டுபிடித்துக் கொண்டு வா என்று லேடி பிராக்னல் அனுப்புவாள். லண்டன் சீசன் நமக்குப் பொருளற்றது. "ஆடி பிறக்கறதுக்குள்ள ஒரு ஜாதகத்தோட வாங்க" என்றால் கெடு ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூலத்தில் இருப்பது வர்க்கம். தமிழில் 'யார் பிள்ளை' என்ற கேள்விக்குள் சாதி இருக்கிறது, அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பார்வையாளர்கள் கேட்டுவிடுவார்கள். நான் சாதிப் பெயர் எதையும் வைக்கவில்லை, ஆனால் அத்தை "என்ன குலம்னே தெரியாதவனுக்கா?" என்று வாய்விட்டுச் சொல்லும்படி எழுதினேன். அவள் சொல்லாமல் விட்டால் அந்த மறுப்பு வெறும் வேடிக்கையாகிவிடும். இதில் ஒவ்வொருவர் முடிவும் வேறாக இருக்கலாம். முடிவு எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் பேச்சு வழக்கும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும், அதனால் முதல் பக்கத்தில் எடுத்த வழக்கைக் கடைசி வரை விடாமல் பிடியுங்கள்.

இப்போதுதான் பெயர்கள்

1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். ஓசை மூலத்தை ஒட்டியே போகும், பெயரோ நம் பெயராக இருக்கும். நடிகர்கள் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இது பெரிய உதவி. நானும் அதையே செய்தேன்: ஜாக் ஜெகநாதன், ஆல்ஜர்னான் ஆனந்தன், குவெண்டலின் கோமளா, சிசிலி செல்வி, லேடி பிராக்னல் பாக்கியத்தம்மாள், மிஸ் பிரிஸம் பிரேமா டீச்சர்.

எர்னஸ்டுக்கு மட்டும் ஓசை போதாது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'உண்மையானவன்' என்ற பொருள் தரும் சொல்லைப் போலவே ஒலிக்கும். நாடகத் தலைப்பும் கடைசி வரியும் அதில்தான் தொங்குகின்றன. மெய்யப்பன் என்று யோசித்தேன், பொருள் கச்சிதம். ஆனால் 1975-இல் கோமளா மாதிரி ஒரு பெண் கனவு காணும் பெயராக அது என் காதில் விழவில்லை. சத்தியமூர்த்தி நன்றாக உட்கார்ந்தது. 'சத்தியமா' என்ற சொல்லைத் தமிழன் பொய் சொல்லும்போதுதான் அதிகம் பயன்படுத்துவான். "சத்தியமா நான் சத்தியமூர்த்திதான்" என்று ஜெகநாதன் முதல் அங்கத்தில் பொய்யாகச் சொல்கிறான், கடைசி அங்கத்தில் அதே வரியை மெய்யாகச் சொல்கிறான்.

அப்புறம் ஒரு வழக்கம் குறுக்கே வந்தது. அந்தக் காலத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். பெயரையே காதலிக்கும் கோமளா, கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து அதை வாயால் சொல்ல முடியாது! முதலில் இது சிக்கலாகத் தெரிந்தது. பிறகு அவளுக்கு இப்படி ஒரு வசனம் எழுதினேன்: "தாலி கட்டிட்டா சொல்ல முடியாதே, அதனால இப்பவே சொல்லித் தீர்த்துக்கறேன். சத்தியமூர்த்தி, சத்தியமூர்த்தி, சத்தியமூர்த்தி." மூலத்தில் இல்லாத வரி, ஆனால் மூலத்தின் வேலையைத்தான் செய்கிறது. வழக்கம் குறுக்கே வரும் இடங்களில் சுற்றி ஓடுவதற்கு முன் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கடைசியில் பெயர் வெளிப்படும் இடம் எனக்கு அதிக நாள் எடுத்தது. மூலத்தில், மூத்த மகனுக்கு அப்பா பெயர்தான் வைத்திருப்பார்கள் என்கிறாள் லேடி பிராக்னல். அப்பா ராணுவ ஜெனரல், அவர் பெயர் அவளுக்கு நினைவில்லை. ஜாக் ராணுவப் பட்டியலில் தேடி எடுக்கிறான். தமிழில் மூத்த பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர் வைப்பதே வழக்கம். பேரன் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. அழகாகப் பொருந்துகிறதே என்று எழுதிவிட்டேன். மறுநாள் உறைத்தது. அந்தத் தாத்தா பாக்கியத்தம்மாளின் சொந்த அப்பா. தன் அப்பா பெயரை அவள் மறப்பாளா? ஆனந்தனுக்கும் அவர் தாத்தா. அப்படியானால் முதல் அங்கத்தில் சத்தியமூர்த்தி என்று ஒருவன் வந்து நின்றதுமே இரண்டு பேரும் "எங்க தாத்தா பேரு" என்று சொல்லியிருப்பார்கள். அத்தையாக்கியது கல்யாணத்தைக் காப்பாற்றியது, பெயர் ரகசியத்தை உடைத்துவிட்டது.

தீர்வு முதல் அங்கத்திலேயே கிடந்தது. ஜாதகம்! குழந்தையை வீட்டில் எல்லாரும் 'ராஜா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜோசியர் ஜாதகத்தில் எழுதிய பெயரை யாரும் புழங்கவே இல்லை, அத்தைக்கும் நினைவில்லை. குழந்தை தொலைந்த அன்று ஜாதக நோட்டு குழந்தையின் தள்ளுவண்டியில் இருந்தது. குழந்தையைப் பைக்குள்ளும், தான் எழுதிய நாவலை வண்டிக்குள்ளும் மாற்றி வைத்துவிட்ட பிரேமா டீச்சர், பயந்துபோய் ஊரைவிட்டு ஓடும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். 28 வருடம் எரிக்கவும் மனமில்லை, திருப்பிக் கொடுக்கவும் தைரியமில்லை. கடைசிக் காட்சியில் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து, மூலையில் மஞ்சள் தடவிய அந்த நோட்டை எடுத்து நீட்டுகிறாள். பாக்கியத்தம்மாள் எந்த ஜாதகத்தைக் கேட்டாளோ அதே ஜாதகம், ஆடி பிறப்பதற்குள் அவள் கைக்கே வருகிறது.

சாப்பாடும் சாமான்களும்

மேடையில் சாப்பிடும் பொருளை நடிகரின் வாயை வைத்து முடிவு செய்யுங்கள். அத்தைக்காகச் செய்து வைத்ததை ஆனந்தன் பேசிக்கொண்டே தின்று தீர்க்கிறான். மூலத்தில் வெள்ளரிக்காய் சாண்ட்விச். முறுக்கு வைத்துப் பார்த்தோம், கடிக்கும் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. லட்டு தொண்டையை அடைத்தது. வாழைக்காய் பஜ்ஜி, ஆறியதாக, சின்னதாகப் போட்டால் இரண்டு கடியில் முடிந்துவிடுகிறது. "மார்க்கெட்ல வாழைக்காயே இல்லீங்க, ரொக்கம் கொடுத்தாலும் கிடைக்கலை" என்று வேலைக்காரர் பொய் சொல்வதும் பொருந்துகிறது. இரண்டு பெண்களும் மரியாதையாகச் சண்டை போடும் தேநீர்க் காட்சியில், சர்க்கரை வேண்டாம் என்ற கோமளாவின் காபியில் செல்வி நான்கு ஸ்பூன் போட்டு ஆற்றிக் கொடுக்கிறாள். கொடுத்ததைக் குடிக்காமல் வைப்பது நமக்கு இன்னும் பெரிய அவமரியாதை, அதனால் கோமளா ஒரு வாய் குடித்தே ஆக வேண்டும்.

வசனம்

ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். காட்சியைப் படித்து, மூடி வைத்து, யார் என்ன சொல்ல வந்தார் என்பதைத் தமிழில் எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். விட்டுப்போன நகைச்சுவையை அப்போது சேர்க்கலாம்.

சொல் விளையாட்டு இருக்கும் இடத்தில் அதே விளையாட்டைத் தமிழ்ச் சொல்லில் தேட வேண்டும். பெற்றோரை இழந்துவிட்டேன் என்று ஜாக் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வரும் சொல், பொருளைத் தொலைப்பதற்கும் அதே சொல். லேடி பிராக்னலின் புகழ்பெற்ற பதில் அதில் பிறக்கிறது. தமிழில் 'இழந்துட்டேன்' என்றால் சாவு மட்டும்தான். அதனால் சொல்லை அவள் மாற்றிப் பிடிக்கிறாள்:

ஜெகநாதன்: அப்பா, அம்மா ரெண்டு பேரையும் சின்ன வயசுலயே இழந்துட்டேங்க.

பாக்கியத்தம்மாள்: ஒருத்தரைத் தொலைச்சா விதின்னு விட்டுடலாம். ரெண்டு பேரையுமா தொலைப்பாங்க? பொறுப்பு வேண்டாம்?

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், சிரிப்பும் அங்கேதான் வெடிக்கும். மூலத்தில் சிரிப்புச் சொல் நடுவில் இருந்தாலும் தமிழில் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குப் பின் ஓர் அசைகூட வேண்டாம்.

நீ, நீங்க என்பதையும் ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த ஆயுதம் நம்மிடம் இருக்கிறது. கோமளாவும் செல்வியும் சந்தித்ததும் 'நீங்க'வில் தொடங்கி, "அக்கான்னு கூப்பிடலாமா?" என்று நெருங்கி, ஒரே ஆளைத்தான் இருவரும் கட்டப்போகிறார்கள் என்று நினைத்த நொடியில் மறுபடி 'நீங்க'வுக்குப் போகிறார்கள். இந்தத் தடவை அது மரியாதை அல்ல. பாக்கியத்தம்மாள் ஜெகநாதனை நாடகம் முழுக்க 'நீங்க' என்று தள்ளியே வைக்கிறாள். ஜாதகத்தைப் படித்து முடித்ததும்தான் முதல் தடவையாக 'நீ' என்கிறாள்.

வாசித்துப் பாருங்கள்

ஒத்திகைக்கு முன், மூல நாடகம் தெரியாத ஐந்தாறு பேரை உட்காரவைத்து முழுதும் வாசியுங்கள். அதில் அறுபது தாண்டியவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், முறை பற்றிய தவறு அவர்கள் காதுக்குத்தான் முதலில் எட்டும். நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இடைவேளையில் நிறுத்தி, யார் யாருக்கு என்ன உறவு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். யாராவது "அவங்க ஏன் அப்படிச் செய்யறாங்க?" என்று கேட்டால் அங்கே ஒரு வழக்கம் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது என்று பொருள். சிரிக்க வேண்டிய இடத்தில் மௌனம் என்றால் பெரும்பாலும் வசனத்தின் வரிசையில் கோளாறு. நெளிந்தார்கள் என்றால் உறவு மரத்தைத் திரும்ப எடுங்கள்.

எங்கள் இரண்டாவது வாசிப்புக்கு அதே அம்மாள் வந்திருந்தார். ஜாதக நோட்டு வெளியே வந்த இடத்தில், தன் வசனம் வருவதற்கு முன்பே, "அப்ப நீ எங்க அண்ணன் பிள்ளையாடா!" என்றார். பிரதியில் நான் எழுதியிருந்த நீளமான வரியை அடித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டேன்.